ஒரு போஸ்ட் என்றால் எது வரை?

ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸப்பில் ஒரு குரல்பதிவு வந்து விழுகிறது. "தம்பி, தள்ளுபடி போஸ்டர் ஒண்ணு காலையில வேணுங்க. கடை வாசலுக்கு ஃபிளெக்ஸும் அதே டிசைன்ல பண்ணிடுங்க. போன வாரம் போட்ட ரீல்ஸ்ல நிறையப் பேரு விலை கேட்டுருக்காங்களாம், யாரும் பதில் போடலைன்னு பையன் சொல்றான். அதையும் கொஞ்சம் பாத்துடுங்க."

பேசுபவர் ஈரோட்டில் புடவைக் கடை வைத்திருப்பவர். கேட்டுக்கொண்டிருப்பவர், அந்தக் கடையின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கங்களை மாதம் 6,000 ரூபாய்க்குப் பார்த்துக்கொள்ளும் இளைஞர். சித்திரையில் பேசி முடித்தபோது, "மாசம் முப்பது போஸ்ட் போட்டு, ரெண்டு பேஜையும் பாத்துக்கறேங்கண்ணா" என்று சொன்னார். கடைக்காரர் தலையாட்டினார். அவ்வளவுதான் ஒப்பந்தம். எழுத்தில் ஒரு வரிகூட இல்லை.

இந்த ஃபிளெக்ஸ் அந்த 6,000 ரூபாய்க்குள் வருமா? கமெண்ட்டுக்குப் பதில் போடுவது "பாத்துக்கறேன்" என்ற சொல்லில் அடங்குமா? இரண்டு பேரும் மனசறிந்து நியாயமாகத்தான் நினைக்கிறார்கள். ஆனாலும் இரண்டு விதமாக நினைக்கிறார்கள். இதே கடை கும்பகோணத்தில் பாத்திரக் கடையாகவும், திண்டுக்கல்லில் பேக்கரியாகவும் இருக்கலாம். கணக்குப் போட வசதியாக ஈரோட்டுப் புடவைக் கடையையே எடுத்துக்கொள்வோம்.

இந்த வேலை தமிழ்நாட்டுச் சிறு ஊர்களில் ஒரு தனித் தொழிலாகத் தலையெடுத்து அதிக காலம் ஆகவில்லை. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த சில நாட்களில், ஜூலையிலேயே, இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது. கொரோனாவில் கடைக்கு ஆள் வராத நேரம் அது. கல்லாவில் உட்கார்ந்திருந்தவர்கள் கைப்பேசியை நிமிர்த்திவைத்துப் புடவையை விரித்துக் காட்டத் தொடங்கினார்கள். வியாபாரம் திரும்பியதும் அதற்கு நேரமில்லாமல் போக, வேறொருவரிடம் ஒப்படைத்தார்கள். தொழில் இப்படி அவசரத்தில் பிறந்ததால், தையற்காரரிடம் இருக்கிற மாதிரி, பந்தல்காரரிடம் இருக்கிற மாதிரி, ஊரறிந்த அளவுகோல் இதற்கு இன்னும் உருவாகவில்லை. ரவிக்கைக்கு லைனிங் போட்டால் தனிக்கூலி என்று யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. ரீலுக்கு லைனிங் எது என்றுதான் தெரியவில்லை.

முதலில் விலை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். பெரும்பாலும் பக்கத்துக் கடைக்காரர் சொன்ன தொகையிலிருந்துதான் வருகிறது. "அவங்க அஞ்சாயிரம் கொடுக்கறாங்க, நீங்க ஆறு வாங்கிக்கங்க" என்று முடிந்துவிடுகிறது. அந்த ஐயாயிரத்துக்கு அங்கே என்ன வேலை நடக்கிறது என்று இருவருக்குமே தெரியாது.

நேரத்திலிருந்து தொடங்குவதுதான் சரியான வழி. அந்த இளைஞர் தனியாளாக வேலை செய்கிறார். மாதம் 30,000 ரூபாய் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல், இணையம், எடிட்டிங் செயலிகளுக்குச் சந்தா, லேப்டாப்பும் போனும் தேய்வதற்கு ஒரு பங்கு என்று 6,000 ரூபாய் செலவு. மொத்தம் 36,000 ரூபாய் வந்தாக வேண்டும். மாதத்தில் 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 200 மணி நேரம் கையில் இருக்கிறது. ஆனால் புதுக் கடைகளைத் தேடிப் போவது, பேசுவது, பணம் வசூலிக்க இரண்டு தடவை நடப்பது, புதிதாக வந்த வசதிகளைக் கற்றுக்கொள்வது என்று அதில் பெரும்பங்கு போய்விடுகிறது. யாருக்கும் பில் போட முடியாத நேரம் அது. பில் போடக்கூடியது 120 மணி நேரம் என்று எடுத்துக்கொண்டால், 36,000-ஐ 120-ஆல் வகுக்க, மணிக்கு 300 ரூபாய் வருகிறது. சென்னையில் வாடகை கொடுத்து இருப்பவருக்கு இது கூடும். படித்துக்கொண்டே பகுதி நேரமாகச் செய்பவருக்குக் குறையும். எண் மாறலாம், வகுக்கும் முறை மாறாது.

இனி புடவைக் கடைக்கு மாதம் எத்தனை மணி நேரம் ஆகிறது என்று எண்ணவேண்டும். முப்பது போஸ்ட் என்பதை ஓரமாக வைத்துவிட்டு, உருப்படியாகச் செய்யக்கூடிய ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். எட்டு படப் போஸ்ட், நாலு ரீல், பன்னிரண்டு ஸ்டோரி. மாதத் தொடக்கத்தில் கடைக்காரரோடு உட்கார்ந்து என்ன சரக்கு வந்திருக்கிறது, எந்தத் தேதியில் எதைப் போடுவது என்று பட்டியல் எழுத இரண்டு மணி நேரம். கடைக்குப் போய்ப் படமெடுக்க, போக்குவரத்தையும் சேர்த்து, அரை நாள், அதாவது நாலு மணி நேரம். படப் போஸ்ட் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் என்றால் எட்டு. ரீல் ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் என்றால் அதுவும் எட்டு. ஸ்டோரி பன்னிரண்டுக்கும் சேர்த்து இரண்டு. மாதக் கடைசியில் ரிப்போர்ட் எழுதி விளக்க இரண்டு.

இத்தனையும் சேர்த்தால் 26 மணி நேரம். யாரும் எழுதாத ஒரு வரி இன்னும் பாக்கி இருக்கிறது, பேச்சு. "அந்த மெரூன் கலர் வேண்டாம், ரெண்டாவது போட்டோவைப் போடுங்க", "ஃபோன் நம்பரை மாத்திடலாமா", "பக்கத்துக் கடைக்காரன் போட்டிருக்கறதைப் பாத்தீங்களா." நாளுக்குப் பத்தே நிமிடம் என்றாலும், 24 நாளைக்கு நாலு மணி நேரம். ஆக மொத்தம் 30 மணி நேரம். மணிக்கு 300 வீதம் 9,000 ரூபாய்.

அந்த இளைஞர் 6,000 வாங்கிக்கொண்டிருக்கிறார். இதே 30 மணி நேர வேலைக்கு 6,000 என்றால் மணிக்கு 200 ரூபாய்தான் கிடைக்கிறது. அவரால் தாங்கக்கூடியது நாலு கடைகள். நாலு கடைக்கும் சேர்த்து 24,000 வரும், செலவு போக 18,000 நிற்கும். அது போதாமல் ஐந்தாவது, ஆறாவது கடையை ஒப்புக்கொள்வார். அப்போதுதான் கடைக்காரருக்குச் சேதம் தொடங்குகிறது. படமெடுக்க நேரில் வராமல், "நீங்களே எடுத்து அனுப்புங்கண்ணா" என்று கேட்பார். இணையத்தில் கிடைத்த மாடல் படத்தில் கடைப் பெயரை ஒட்டுவார். திங்கள்கிழமை தவறாமல் "இந்த வாரம் இனிதாகட்டும்" என்று ஒரு பூங்கொத்து வரும். எண்ணிக்கை முப்பதும் சரியாக இருக்கும், புடவைதான் இருக்காது.

தன் பக்கத்தில் இது நடக்கிறதா என்று கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். கடந்த மாதப் போஸ்ட்களை வரிசையாகத் திறந்து, கடைப் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு பார்க்கவேண்டும். மறைத்தால் எந்தக் கடையின் போஸ்டாகவும் இருக்கக்கூடியது எத்தனை என்று எண்ணினால் போதும்.

கடைக்காரரிடம் 6,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால்? சிறு கடைக்கு அதுவே பெரிய தொகை, இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்போது விலையைக் குறைப்பதற்குப் பதிலாக வேலையைக் குறைக்கவேண்டும். ஆறு படப் போஸ்டுக்கு ஆறு மணி நேரம், மூன்று ரீலுக்கு ஆறு, படமெடுக்க மூன்று, திட்டமிட ஒன்று, அரைப்பக்க ரிப்போர்ட்டுக்கு ஒன்று, பேச்சுக்கு மூன்று. மொத்தம் 20 மணி நேரம், 6,000 ரூபாய். ஸ்டோரியைக் கடைப் பெண்களே போட்டுவிடலாம். புதுச் சரக்குக் கட்டைப் பிரிக்கும்போது எடுக்கிற பதினைந்து விநாடிக் காட்சிக்கு எடிட்டிங் தேவையில்லை, 24 மணி நேரத்தில் அது தானாக மறைந்துவிடும். இப்படிக் கேட்டுக் குறைத்த கடைக்கும், பேரம் பேசிக் குறைத்த கடைக்கும் ஒரே விலைதான். முதல் கடைக்கு மட்டும் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரியும்.

அடுத்தது, சண்டைகள் அதிகம் பிறக்கிற இடம். போஸ்ட் என்றால் என்ன?

ஒரே படத்தை இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் போட்டால் அது ஒன்றா, இரண்டா? மெட்டாவின் பிசினஸ் ஸூட்டில் ஒரே தடவையில் இரண்டு பக்கத்துக்கும் தேதி குறித்து ஏற்றிவிட முடிகிறது. கூடுதல் உழைப்பு இல்லாததால் அதை ஒன்றாக எண்ணுவதே நியாயம். பத்துப் புடவையை அடுத்தடுத்துத் தள்ளிப் பார்க்கிற மாதிரி போட்டால்? அதில் பத்துப் படத்தைச் சரிசெய்யும் வேலை இருக்கிறது. ஐந்து படம் வரை ஒரு போஸ்ட், அதற்கு மேல் இரண்டு என்று எழுதிவைத்தால் பிரச்சினை இல்லை. போட்ட ரீலையே மறுபடி ஸ்டோரியில் காட்டினால் அது கணக்கில் சேராது. ரீல் என்றால் எத்தனை விநாடி என்பதையும் குறிக்கவேண்டும். நாற்பது விநாடி வரை என்று எழுதாவிட்டால், கடைக்காரர் ஒருநாள் மூன்று நிமிடக் கடை வரலாறு கேட்பார். கேட்பது அவர் தப்பில்லை, ரீல் என்ற சொல்லுக்குள் அதுவும் அடங்குகிறதே.

நீளத்தைவிட முக்கியமானது, போஸ்ட் எங்கே தொடங்குகிறது என்பது. படம் யார் எடுப்பது?

புடவைக் கடையில் இது சின்ன விஷயமில்லை. கடைக்குள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் நெகமம் காட்டன் புடவையை எடுத்தால், அரக்குச் சிவப்பு பழுப்பாகத் தெரியும், கிளிப்பச்சை வெளுத்துப்போகும். கைப்பேசிக் கேமரா அந்த வெளிச்சத்தை ஈடுகட்டப் பார்த்து நிறத்தை இன்னும் மாற்றும். பார்த்துப் பிடித்துப்போய்க் கோபியிலிருந்து பஸ் ஏறி வரும் அம்மா, புடவையைக் கையில் எடுத்ததும், "போட்டோல இருந்தது இது இல்லையே" என்பார். வெயில் ஏறுவதற்கு முன்னால், காலை எட்டரை மணி வாக்கில், வாசற்படிக்கு உள்பக்கம் புடவையை விரித்து, உள்ளே எரியும் விளக்குகளை அணைத்துவிட்டு எடுத்தால் நிறம் நிறமாக வரும். எடுத்த படத்தைப் புடவைக்குப் பக்கத்தில் வைத்து ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த புடவைக்குப் போகவேண்டும். இதற்கு இளைஞர் நேரத்துக்கு வரவேண்டும், கடைக்காரர் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் கதவைத் திறக்கவேண்டும். இஸ்திரி போட்ட புடவைகள் தயாராக இருக்கவேண்டும். மடிப்புக் கோடு விழுந்த புடவையை எந்த எடிட்டிங்கும் காப்பாற்றாது. ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு வரி: "மாதம் ஒருமுறை, முன்கூட்டிக் குறித்த தேதியில், அரை நாள் படப்பிடிப்பு. இருபது புடவைகளைக் கடை தயார் செய்து வைக்கவேண்டும். அன்று முடியாமல் போனால், அந்த மாதம் இன்னொரு தேதி ஒருமுறை தரப்படும்."

போஸ்ட் எங்கே முடிகிறது என்பது அடுத்த கேள்வி. திருத்தம் இரண்டு தடவை என்பது பொதுவாக ஒத்துவரும். ஆனால் திருத்தம் வேறு, மாற்றம் வேறு. 1,450 என்பதை 1,350 ஆக்குவது, எழுத்தைப் பெரிதாக்குவது திருத்தம். "இந்தப் புடவை வித்துப் போச்சு, வேற புடவை போட்டுக் கொடுங்க" என்றால் அது புதிய போஸ்ட். இந்த ஒரு வேறுபாட்டை எழுதிவைத்தாலே பாதி மனக்கசப்பு வராது.

ஒப்புதலுக்கும் கெடு வேண்டும். வாரம் தொடங்கும் முன் அந்த வாரப் போஸ்ட்கள் வாட்ஸப்பில் வந்துவிடும், 48 மணி நேரத்துக்குள் கடைக்காரர் சரி சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் போஸ்ட் தள்ளிப்போகும். விலையும் தள்ளுபடித் தேதியும் கடைக்காரர் எழுதிக்கொடுத்ததுதான் போகும், போனில் சொன்னது போகாது. "ரெண்டு எடுத்தா ஒண்ணு இலவசம்" என்று சொன்னது "ஒண்ணு எடுத்தா ஒண்ணு" என்று அச்சாகிவிட்டால், கல்லாவில் நின்று பதில் சொல்லவேண்டியவர் கடைக்காரர்தான். கடைக்காரர் பார்த்து ஒப்புதல் கொடுத்தபின் வரும் பிழைக்கு யார் பொறுப்பு என்பதையும் சேர்த்தே எழுதிவிடுவது நல்லது.

இந்த மாதம் எட்டில் ஆறுதான் போட முடிந்தது என்றால் மீதி இரண்டும் அடுத்த மாதத்துக்குப் போகுமா? இளைஞரால் தாமதம் என்றால் போகவேண்டும். கடைக்காரர் படமெடுக்கத் தேதி தராததால் என்றால் போகக்கூடாது. அந்த நேரத்தை அவர் ஏற்கெனவே ஒதுக்கி வைத்தாயிற்று. அது வாடகைக்கு எடுத்துப் பூட்டிவைத்த கல்யாண மண்டபம் போல.

ரிப்போர்ட் என்று ஒன்று மாதம் 5-ஆம் தேதிக்குள் வரவேண்டும். பல கடைகளுக்கு வருவதேயில்லை. வருகிற இடங்களிலும் இன்ஸ்டாகிராம் இன்சைட்ஸ் பக்கத்தைப் படமெடுத்து, பெரிய எண் ஒன்றைச் சிவப்பில் வட்டமிட்டு அனுப்புகிறார்கள்.

அந்தப் பெரிய எண் பெரும்பாலும் வியூஸ். 2024-இல் இருந்து இன்ஸ்டாகிராம் இதைத்தான் முன்னால் வைக்கிறது. ஒருவரே மூன்று தடவை பார்த்தால் வியூஸ் மூன்று. எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பது ரீச், அது எப்போதும் சிறிய எண். ரிப்போர்ட்டில் இரண்டும் இருக்கவேண்டும், ஒன்றை மற்றொன்றாகக் காட்டக்கூடாது. பணம் கட்டி பூஸ்ட் செய்த போஸ்டின் எண்களைத் தனியாகப் பிரிக்கவேண்டும். இல்லாவிட்டால் விளம்பரப் பணம் கொண்டுவந்த கூட்டம், போஸ்டின் தரத்தால் வந்ததாகத் தோன்றும். அடுத்த மாதம் பூஸ்ட் செய்யாதபோது ரீச் விழும், ஏன் விழுந்தது என்று இருவருக்கும் புரியாது.

ஈரோட்டுக் கடைக்கு இரண்டு ரீல் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று புடவையை ஐந்து விதமாகக் கட்டிக் காட்டுவது, 62,000 வியூஸ். இன்னொன்று, "ஆயிரத்து ஐநூறுக்குள் முகூர்த்தத்துக்கு வைத்துக்கொடுக்கிற புடவைகள்" என்று கடைப் பெண்ணே பேசிக் காட்டியது, 1,900 வியூஸ். முதலாவதைப் பார்த்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று தேடினால் பெங்களூரு, ஹைதராபாத், மும்பை என்று வருகிறது. இரண்டாவதில் ஈரோடு, கோபி, பவானி. முகூர்த்தத்துக்கு இருபத்தைந்து புடவை எடுக்க வந்த குடும்பம் இரண்டாவதைப் பார்த்து வந்தது. வெறும் வியூஸை மட்டும் காட்டும் ரிப்போர்ட் அடுத்த மாதம் ஐந்து விதக் கட்டுகளை இன்னும் நாலு எடுக்கச் சொல்லும். ஊரையும் காட்டும் ரிப்போர்ட் நேர்மாறாகச் சொல்லும்.

குடும்பம் எதைப் பார்த்து வந்தது என்று எப்படித் தெரிந்தது? அதை எந்தச் செயலியும் சொல்லாது. கல்லாப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வேண்டும். பில் போடும்போது, "நம்ம கடை எப்படிங்க தெரியும்?" என்று கேட்டு நாலே கட்டத்தில் ஒரு கோடு போடவேண்டும். பழைய வாடிக்கை, போகிற வழியில் பார்த்தது, யாரோ சொன்னது, இன்ஸ்டா. கூட்ட நேரத்தில் விட்டுப்போகும், பரவாயில்லை. அந்த நோட்டின் மாதக் கூட்டல் ரிப்போர்ட்டின் முதல் வரியாக இருக்கவேண்டும். அதன்பின் ரீச், பக்கத்தைத் திறந்து பார்த்தவர்கள், போன் எண்ணையோ வழியையோ தட்டியவர்கள், விலை கேட்டு வந்த செய்திகள். கடைசியாக, அடுத்த மாதம் எதை விடுகிறோம், எதைக் கூட்டுகிறோம் என்று இரண்டு வரி. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் கடைக்காரர் படிக்கமாட்டார், படிக்கவும் வேண்டியதில்லை.

மாதத்தை மாதத்தோடு ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். ஆவணியில் முகூர்த்தம் இருக்கும், புரட்டாசியில் கல்யாணம் அபூர்வம். ஆவணியைவிடப் புரட்டாசியில் விசாரணை குறைந்தது என்றால் அதற்கு ரீல் என்ன செய்யும்? போன வருடப் புரட்டாசியோடு ஒப்பிட எண்கள் கைவசம் இருக்கவேண்டும். இன்ஸ்டாகிராம் பழைய கணக்குகளை ஆண்டுக்கணக்கில் விரித்துக் காட்டுவதில்லை. ஆகவே ஒவ்வொரு மாத ரிப்போர்ட்டையும் கடைக்காரர் தன்னிடம் சேமித்து வைத்துக்கொள்ளவேண்டும்.

ஃபாலோயர் எண்ணிக்கைக்கு உத்தரவாதம் தருகிறவர்களிடம் கொஞ்சம் தள்ளியே நிற்கவேண்டும். காசு கொடுத்தால் ஃபாலோயர் வாங்கலாம். அப்படி வாங்கிய பக்கத்தை அடையாளம் காண்பதும் கஷ்டமில்லை. பத்தாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள், போஸ்டுக்குப் பதினொரு லைக். ஏறிய வரைபடம் மெதுவாக ஏறாமல் ஒரே நாளில் செங்குத்தாக நிற்கும். ஊர்ப் பட்டியலில் கடைக்கு எந்தத் தொடர்பும் இல்லாத நாடுகள் வரும்.

இனி அந்த நள்ளிரவுக் குரல்பதிவுக்குத் திரும்பலாம். அதில் கேட்ட மூன்றில் ஒன்று மட்டும்தான் மாத வேலைக்குள் வருவது. மற்ற இரண்டும் எதில் சேர்த்தி என்று சொல்ல, "இதில் அடங்காதவை" என்று ஒரு பகுதி கொட்டேஷனில் இருந்திருக்கவேண்டும். அந்தப் பகுதியை எழுதுவதற்குப் பலர் கூச்சப்படுகிறார்கள். தொடக்கத்திலேயே "இது செய்யமாட்டேன், அது செய்யமாட்டேன்" என்றால் வேலை கைநழுவிவிடும் என்ற பயம். எதிர்ப்பக்கத்தில் பார்த்தால், கடைக்காரர் தினமும் துணி விற்கிறவர். புடவை விலையில் ரவிக்கைத் தையல் அடங்காது என்று அவரே ஒரு நாளைக்கு இருபது பேரிடம் சொல்கிறார். அவருக்கு இது புதிதாக இருக்காது.

அந்தப் பட்டியலில் முதலில் வரவேண்டியது, விலை கேட்டு வரும் செய்திகளுக்குப் பதில். இது சின்ன வேலையாகத் தெரியும். நாளுக்கு அரை மணி நேரம் என்று வைத்தால் 30 நாளில் 15 மணி நேரம், அதாவது 4,500 ரூபாய். 9,000 ரூபாய் வேலையில் பாதி. மேலும் அந்த இளைஞருக்குச் சரக்கு தெரியாது. "இதே புடவை மயில்கழுத்து நிறத்துல இருக்குங்களா?" என்று ஒருவர் கேட்டால், அவர் கடைக்குப் போன் போட்டு, கடைப் பெண் அலமாரியைப் பார்த்து, பதில் திரும்பி வருவதற்குள் கேட்டவர் வேறு கடைக்குப் போயிருப்பார். இதைக் கடையில் இருப்பவரே செய்வதுதான் சரி. இளைஞர் செய்யக்கூடியது, அடிக்கடி வரும் ஏழெட்டுக் கேள்விகளுக்குத் தயார் பதில்களை எழுதிப் பதிந்து, கடைப் பெண்ணின் போனில் வாட்ஸப் பிசினஸ் செயலியில் விலைப்பட்டியலைப் போட்டுக் கொடுப்பது. அதை ஒருமுறை வேலையாகத் தனியே பில் போடலாம்.

இரண்டாவது, விளம்பரப் பணம். பூஸ்ட் செய்யும் தொகை மாதக் கட்டணத்தில் ஒருபோதும் அடங்கக்கூடாது. கடைக்காரரின் சொந்தக் கார்டிலிருந்தோ கணக்கிலிருந்தோ நேராக மெட்டாவுக்குப் போகவேண்டும். 5,000 ரூபாய்க்கு விளம்பரம் என்றால் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 900 ரூபாய், சேர்த்தே பட்ஜெட் போடவேண்டும். பணத்தை இளைஞர் கையில் கொடுத்தால், எவ்வளவு விளம்பரத்துக்குப் போயிற்று, எவ்வளவு அவர் கூலி என்ற சந்தேகம் என்றாவது ஒருநாள் எழும். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் எழும். விளம்பரத்தை அமைத்துப் பார்த்துக்கொள்வதற்கு அவருக்குத் தனிக் கட்டணம், அது அவர் பில்லில் வரட்டும்.

அந்தப் பில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவர் தமிழ்நாட்டில் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு செய்யவேண்டியதில்லை. பதிவு செய்யாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று போட்டு வாங்கவும் கூடாது. பில்லில் வரி இருந்தால் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று கடைக்காரர் பார்த்துக்கொள்ளவேண்டும்.

அச்சு வேலைகள் மூன்றாவது. ஃபிளெக்ஸ், நோட்டீஸ், கட்டைப்பை, விசிட்டிங் கார்டு. போனில் பார்க்கும் போஸ்டரை அப்படியே இழுத்து எட்டடிக்குப் பெரிதாக்கினால் எழுத்தெல்லாம் சிதறிப்போகும், அதை அச்சுக்கென்று மறுபடி செய்யவேண்டும். ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், 450 ரூபாய். இப்படி விலையோடு சேர்த்து எழுதினால் "செய்யமாட்டேன்" என்ற முகச்சுளிப்பு மறைந்து, அது ஒரு விலைப்பட்டியலாகிவிடுகிறது.

சினிமாப் பாட்டும் இந்தப் பகுதியில் வரவேண்டும். "அந்தப் படத்துப் பாட்டைப் போடுங்க, எல்லாரும் போடறாங்களே" என்று கடைக்காரர் கேட்பார். தனிநபர் கணக்குக்கு இன்ஸ்டாகிராமில் கிடைக்கும் பாட்டுகள் பலவும் வியாபாரக் கணக்குக்குக் கிடைக்காது. வேறு வழியில் சேர்த்துப் போட்டால் ரீலின் ஒலி நீக்கப்படலாம், பாட்டின் உரிமையாளர் புகார் கொடுத்தால் ரீலே போய்விடலாம். உரிமம் உள்ள இசை மட்டும்தான் போடப்படும் என்று ஒரு வரி, இரண்டு பேரையும் காப்பாற்றும்.

பண்டிகைக் கால அவசரத்துக்கும் இடம் விடவேண்டும். ஆடி, தீபாவளி, பொங்கல் மாதங்களில் எட்டுப் போஸ்ட் போதாது என்று எல்லாருக்கும் தெரியும். கூடுதல் போஸ்ட் ஒன்றுக்கு 300, ரீலுக்கு 600 என்று முதலிலேயே சொல்லி, பதினைந்து நாள் முன்னால் சொன்னால் இந்த விலை, 24 மணி நேரத்துக்குள் வேண்டும் என்றால் ஒன்றரை மடங்கு என்று குறிப்பிடலாம். தீபாவளிக்கு முந்தின இரவு தையற்காரர் கேட்கிற கூலியைக் கொடுத்துப் பழகிய ஊர்தான் இது.

எல்லாவற்றிலும் பெரிய சேதம் விளைகிற இடம், பக்கம் யார் பெயரில் இருக்கிறது என்பது. தொடக்கத்தில் அவசரமாக, இளைஞரின் மின்னஞ்சலிலும் போன் எண்ணிலும் கணக்கு திறக்கப்படுகிறது. இரண்டு வருடம் கழித்து அவர் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விடுகிறார், சிம்மை மாற்றிவிடுகிறார். கடவுச்சொல் கேட்டால் வரும் ஓடிபி யாருக்கும் கிடைக்காத எண்ணுக்குப் போகிறது. எட்டாயிரம் வாடிக்கையாளர் பார்க்கும் பக்கம் பூட்டிய கடையாக நிற்கிறது. இதற்கு யாரும் கெட்டவராக இருக்கவேண்டியதில்லை. கணக்குகளைக் கடைக்காரரின் எண்ணில், கடைக்காரரின் மின்னஞ்சலில் திறந்து, மெட்டா பிசினஸ் ஸூட் வழியாக இளைஞருக்கு வேலை செய்யும் அனுமதியை மட்டும் கொடுக்கவேண்டும். கடவுச்சொல்லைத் தரவேண்டிய தேவையே இல்லை. கூகுள் மேப்பில் கடையின் பக்கத்துக்கும் இதேதான்.

ஒப்பந்தம் முடியும்போது என்ன ஆகும் என்பதும் தொடக்கத்திலேயே எழுதப்படவேண்டும். இரு பக்கமும் ஒரு மாத அவகாசம். வெளியான போஸ்ட்கள், ரீல்கள் கடைக்குச் சொந்தம். எடிட் செய்யாத மூலக் காட்சிகள் வேண்டுமென்றால் தனி விலை, அல்லது கடைசி நாளில் பென் டிரைவில் தருவது என்று எதையாவது ஒன்றைத் தீர்மானித்துவிடவேண்டும். மாதக் கட்டணம் மாதத் தொடக்கத்தில், 5-ஆம் தேதிக்குள். பத்துத் தேதியாகியும் வராவிட்டால் போஸ்ட் நிற்கும்.

ஈரோட்டுக் கடைக்காரரும் அந்த இளைஞரும் ஆடி முடிந்தபின் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதிக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கம் வரும். 9,000 என்றதும் கடைக்காரர் முதலில் சிரிப்பார். மணிக்கணக்கைப் படித்துவிட்டு, ஸ்டோரியைக் கடைப் பெண்களிடம் விட்டு, இரண்டு மணி நேரத்தைக் கழித்து 8,400-க்கு வருவார். பேசி முடித்துக் கையெழுத்துப் போட்டபின், எழுந்திருக்கும்போது ஞாபகம் வந்தவராகக் கேட்பார்: "தம்பி, தை மாசம் பையனுக்குக் கல்யாணம். பத்திரிகை வீடியோ ஒண்ணு பண்ணணுமே?"

"பண்ணிடலாங்கண்ணா," என்பார் அவர், இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டி. "மூணு மணி நேரம், தொள்ளாயிரம்."

கடைக்காரர் பேனாவை மறுபடி வாங்கி அந்த வரிக்கு நேராக ஒரு டிக் போடுவார்.